பூச்சு வேலைக்கு முன்னால் இன்வெர்ட்டர், கேமரா, இன்டர்நெட் வயர்களுக்குப் பைப் போடுவது எப்படி?

"அண்ணா வணக்கம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் மூன்று படுக்கையறை வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம், ஒற்றை மாடி. சுவர் எழும்பி, கூரையும் போட்டாயிற்று, சீலிங் போர்டு இன்னும் அடிக்கவில்லை. அடுத்த வாரம் பூச்சு ஆரம்பம். பிரேக்கர்கள் இருக்கும் டிபி போர்டு நடைவழியில், கராஜ் சுவரில் வருகிறது. எலெக்ட்ரீஷியன் லைட், பிளக்குக்கு மட்டும் பைப் பதித்திருக்கிறார். இன்வெர்ட்டர் இப்போது வாங்கக் காசில்லை, பிறகு வாங்குவோம். நான்கு கேமரா, ஃபைபர் இன்டர்நெட், பின்னால் மாமியார் இருக்கும் அவுட்பில்டிங்கிலும் இன்டர்நெட் வேண்டும். இப்போதே எந்த எந்தப் பைப் போட்டு வைக்க வேண்டும்?"

நல்ல நேரத்தில் கேட்டீர்கள் தம்பி. இன்வெர்ட்டரை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம், கேமராவை நாளைக்கே மாற்றலாம். சுவருக்குள் போன பைப்பைத்தான் மாற்ற முடியாது. அதிலும் கேமரா பைப்பை மறந்துவிட்டால் சீலிங்குக்கு மேலே ஏறி ஏதாவது வழி பண்ணிக்கொள்ளலாம். லைட், பிளக் பைப்களை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதில் தவறு நடந்தால் இன்வெர்ட்டர் வரும் அன்றைக்குத்தான் தெரியும், அன்றைக்குச் சுவரை உடைக்க வேண்டியிருக்கும். அதனால் புதிதாக என்ன போடுவது என்பதற்கு முன்னால், உங்கள் எலெக்ட்ரீஷியன் ஏற்கனவே போட்டிருப்பதைப் பார்க்க வேண்டும்.

இன்வெர்ட்டர் வீடு முழுவதையும் சுமக்காது. வழக்கமாக இங்கே வீடுகளில் வைப்பது 5 கிலோவாட் இன்வெர்ட்டர், 5 யூனிட் கொள்ளும் லித்தியம் பேட்டரி ஒன்று. கீசர் மட்டுமே 3 கிலோவாட் இழுக்கும், கெட்டில் 2 கிலோவாட் இழுக்கும், அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் டிபி போர்டு இரண்டாகப் பிரியும். ஒரு பக்கம் கரண்ட் போனால் அணைந்துவிடும்: கீசர், அடுப்பு, ஏர்கான், கெட்டில், அயர்ன் பாக்ஸ். இன்னொரு பக்கம் பேட்டரியில் ஓடும்: எல்லா லைட்டும், ஃபிரிட்ஜ், டிவி, ரவுட்டர், கேமரா, அலாரம், கேட் மோட்டார். இந்தப் பிரிப்பு டிபியில் நடக்கிறது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது சுவருக்குள் பைப் போடும்போதே நடந்துவிடுகிறது, ஏனென்றால் ஒரே பைப்பில், ஒரே சர்க்யூட்டில் போன இரண்டு பிளக்கை டிபியில் உட்கார்ந்துகொண்டு யாராலும் பிரிக்க முடியாது.

உங்கள் சமையலறையையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணமாக டிபியிலிருந்து ஒரு 20 மி.மீ. பைப் சமையலறைக்கு வரும். அதில் 2.5 சதுர மி.மீ. வயர் ஒரு ஜோடி, எர்த் ஒன்று. முதல் பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குத் தாவித் தாவி கெட்டில் பிளக், மைக்ரோவேவ் பிளக், கிரைண்டர் பிளக், கடைசியில் ஃபிரிட்ஜ் பிளக். லைட், பிளக் மட்டும் என்றால் இதில் ஒரு குறையும் இல்லை. இன்வெர்ட்டர் வந்ததும்தான் தொல்லை. ஃபிரிட்ஜுக்கு பேட்டரி வேண்டும் என்றால் கெட்டிலும் கூடவே வரும். கரண்ட் போன இருட்டில் வீட்டில் யாராவது டீ போடுவார்கள், கிரைண்டரும் ஓடிக்கொண்டிருக்கும், மைக்ரோவேவையும் யாராவது தட்டுவார்கள். இன்வெர்ட்டர் ஓவர்லோட் என்று கத்திவிட்டு நின்றுவிடும். கெட்டிலை விலக்கினால் ஃபிரிட்ஜும் போகும். இதற்கு மருந்து ஒரே ஒரு பைப்: டிபியிலிருந்து ஃபிரிட்ஜ் பெட்டிக்குத் தனியாக ஒரு 20 மி.மீ. அந்த ஃபிரிட்ஜ் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு இரட்டைப் பிளக்கையும் அதே பைப்பில் தொங்கவிட்டால், கரண்ட் இல்லாதபோது மிக்ஸியோ போன் சார்ஜரோ போட ஒரு இடம் கிடைக்கும். கெட்டில் வரிசையில் எந்த மாற்றமும் வேண்டாம்.

இதே கண்ணோடு மற்ற அறைகளையும் பாருங்கள். டிவி வைக்கும் பிளக், ஏர்கான் போகிற சர்க்யூட்டில் இருக்கக்கூடாது. கேட் மோட்டார் கராஜ் பிளக்கிலிருந்து போகிறது என்றால், அந்தக் கராஜ் பிளக்கில் யாராவது வெல்டிங் மெஷினோ ஹீட்டரோ செருகுவார்களா என்று யோசியுங்கள். சாமி அறையில் ஒரு லைட் பாயிண்டோடு ஒரு பிளக்கும் இருந்தால் அது பேட்டரி பக்கம் வரட்டும், சுமை ஒன்றும் பெரிதில்லை. படுக்கையறைகளில் குளிர்காலத்தில் ஹீட்டர் போடுவீர்களா என்பதை நீங்கள்தான் முடிவு பண்ண வேண்டும். டர்பனில் ஜூலையில் கூடப் பெரிய குளிர் இல்லை என்பதால் நான் படுக்கையறைப் பிளக்குகளைப் பேட்டரி பக்கமே விடச் சொல்வேன். ஜோஹன்னஸ்பர்க் என்றால் அப்படிச் சொல்லமாட்டேன்.

அடுத்தது நியூட்ரல். இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம், ஆனால் இன்வெர்ட்டர் வேலையில் அதிகமாகத் தலைவலி கொடுப்பது இதுதான், பொறுமையாகக் கேளுங்கள். டிபியில் எர்த் லீக்கேஜ் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது லைவ் வயரில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்பி வருகிற கரண்டும் சமமா என்று ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் அளவுக்கு வித்தியாசம் வந்தால் விழுந்துவிடும். இப்போது டிபி இரண்டாகப் பிரிகிறது. பேட்டரி பக்கத்துக்குத் தனி எர்த் லீக்கேஜ், தனி நியூட்ரல் பார். ஒரு லைட்டுக்கு லைவ் பேட்டரி பக்கத்திலிருந்து போய், நியூட்ரல் மட்டும் பக்கத்துப் பெட்டியில் இருந்த பிளக் சர்க்யூட்டிலிருந்து இரவல் வாங்கியதாக இருந்தால் என்ன ஆகும்? போன கரண்ட் வேறு வழியாகத் திரும்புகிறது. இரண்டு பக்கமும் கணக்கு உதைக்கும், இரண்டும் விழும். வீட்டுக்காரர் இன்வெர்ட்டர் கெட்டுப்போனது என்று கடைக்குச் சண்டைக்குப் போவார். இன்வெர்ட்டரில் ஒரு கோளாறும் இருக்காது.

இந்த இரவல் நியூட்ரல் எங்கே நடக்கும் என்று எனக்கு இப்போதே ஊகிக்க முடிகிறது. கராஜுக்குள் இருந்தும் வராந்தாவில் இருந்தும் போட்டு அணைக்கிற ஒரே லைட், அதாவது டூ-வே ஸ்விட்ச். கராஜுக்குப் பிளக் பைப் மட்டும்தான் போயிருக்கும், லைட் பைப் தனியாகப் போயிருக்காது. வயர் இழுக்கும் பையன் சுருக்கு வழி பார்த்து அங்கேயே இருக்கிற நியூட்ரலில் சேர்த்துவிடுவான். அதனால் எலெக்ட்ரீஷியனிடம் ஒரு தாளில் ஒவ்வொரு பைப்பும் டிபியிலிருந்து எங்கே போகிறது என்று வரைந்து தரச் சொல்லுங்கள். டூ-வே ஸ்விட்ச் இருக்கும் இரண்டு பெட்டியும் ஒரே லைட் சர்க்யூட்டின் பைப்பில் இணைந்திருக்க வேண்டும். வயர் எல்லாம் இழுத்து முடித்ததும், டிபியில் கட்டுவதற்கு முன்னால், ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் முனைக்கும் இன்னொன்றின் நியூட்ரல் முனைக்கும் இடையே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொடர்பே இருக்கக்கூடாது. மீட்டர் பீப் அடித்தால் எங்கேயோ ஒரு பெட்டியில் கலந்திருக்கிறது. சுவர் பெயின்ட் ஆகுமுன் அதைத் தேடுவது அரை மணி வேலை.

சரி, இன்வெர்ட்டர் எங்கே உட்காரும்? உங்கள் டிபி கராஜ் சுவரில் இருப்பது அதிர்ஷ்டம். இன்வெர்ட்டரையும் பேட்டரியையும் அதே சுவரின் கராஜ் பக்கத்தில் வையுங்கள். படுக்கையறையில் வேண்டாம், விசிறிச் சத்தம் இரவெல்லாம் இருக்கும், பேட்டரியும் தூங்கும் இடத்தில் இருக்கக்கூடாது. பேட்டரி இன்வெர்ட்டருக்குக் கீழேயோ ஒட்டினாற்போல் பக்கத்திலோதான் இருக்க வேண்டும். காரணம் எளிது. 5000 வாட்டை 230 வோல்ட்டில் கொண்டுபோனால் சுமார் 22 ஆம்பியர். அதையே பேட்டரியின் 48 வோல்ட்டில் கொண்டுபோனால் 100 ஆம்பியரைத் தாண்டும். அதற்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் வேண்டும், நீளம் கூடக் கூட வோல்ட்டேஜ் விழும், சூடாகும். ஆகவே பேட்டரிக்கென்று சுவருக்குள் பைப் எதுவும் வேண்டாம். தூரம் போக வேண்டியது 230 வோல்ட் பக்கம் மட்டும்தான், அது உங்கள் வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம்.

இங்கே நான் பைப்புக்குப் பதிலாக வேறொன்று சொல்வேன். டிபியின் பின்புறத்திலிருந்தோ அதற்கு மேலே ஒரு பெட்டியிலிருந்தோ சுவரை ஊடுருவி கராஜுக்குள் வெளிவரும்படி 40 மி.மீ. பைப் துண்டு இரண்டு வைத்துப் பூசிவிடுங்கள். கராஜ் பக்கத்தில் இன்வெர்ட்டர் மாட்டும்போது அந்த இரண்டு ஓட்டையிலிருந்து வெளியே தெரியும் பிவிசி டிரங்கிங்கில் வயர் போகும். கராஜில் டிரங்கிங் தெரிவதால் அழகு ஒன்றும் குறைந்துவிடாது. எந்தப் பிராண்ட் இன்வெர்ட்டர், எந்த உயரம், வயர் நுழையும் ஓட்டை கீழேயா பக்கத்திலா என்று இன்றைக்குத் தெரியாதபோது, சுவருக்குள் துல்லியமாக ஒரு இடத்தில் பைப்பை நிறுத்துவது வீண். ஒரு ஓட்டை இன்வெர்ட்டருக்குப் போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும். இன்னொன்று பிறகு இரண்டாவது இன்வெர்ட்டரோ வேறு எதுவோ வந்தால். இப்போதைக்கு இரண்டையும் இரு பக்கமும் மூடி வையுங்கள். கராஜில் வண்டிப் புகை இருக்கும், தீ பிடிக்கக்கூடிய சாமான் இருக்கும், வீட்டுக்குள் திறந்த ஓட்டை கூடாது. வயர் போட்ட பிறகும் இடைவெளியை அடைத்துவிட வேண்டும்.

இதோடு இன்வெர்ட்டருக்கு மெல்லிய வயர்களும் வேண்டும் என்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். சிடி என்று ஒரு சின்ன வளையம் டிபியில் மெயின் வயரைச் சுற்றி மாட்டுவார்கள். வீட்டுக்குள் எவ்வளவு கரண்ட் வருகிறது என்று இன்வெர்ட்டர் அதை வைத்துத்தான் தெரிந்துகொள்ளும். அது சரியாக வேலை செய்யாவிட்டால் பின்னால் சோலார் போடும்போது மிச்சக் கரண்ட் வெளியே முனிசிபாலிட்டி லைனுக்கு ஓடும். ப்ரீபெய்டு மீட்டர் சிலது அதைச் செலவாகவே கணக்குப் போட்டு யூனிட்டைக் கழிக்கும், சிலது நின்றேவிடும். அந்த சிடி வயரை கனமான கரண்ட் வயரோடு ஒரே பைப்பில் திணிக்கக்கூடாது. ஒரு தனி 20 மி.மீ. டிபியிலிருந்து கராஜ் பக்கம் அதற்கு. இன்வெர்ட்டரை போனில் பார்ப்பதற்கு வைஃபை போதும் என்பார்கள், செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் சிக்னல் சாகும். அதனால் பின்னால் சொல்லப்போகும் இன்டர்நெட் பெட்டியிலிருந்து இன்னொரு 20 மி.மீ. அங்கே வரட்டும். சோலாருக்குச் சீலிங்குக்கு மேலிருந்து இன்வெர்ட்டர் இடத்துக்கு ஒரு பைப் தனியாக. சோலார் டிசி வயரை வேறு எதனோடும் கலக்கக்கூடாது, அது எந்த வகைப் பைப் என்பதை சிஓசி என்ற மின்வேலைச் சான்றிதழில் கையெழுத்துப் போடப்போகிறவரையே சொல்லச் சொல்லுங்கள்.

ஒரு லித்தியம் பேட்டரி 45, 50 கிலோ இருக்கும். அதைச் சுவரில் மாட்ட நீள போல்ட் அடிப்பார்கள். அந்த இடத்துக்குப் பின்னால் எந்தப் பைப்பும் ஓடக்கூடாது, தண்ணீர்ப் பைப்பும்தான். கராஜ் பக்கம் ஒன்றரை மீட்டர் அகலத்தை இன்வெர்ட்டருக்கென்று சாக்பீஸால் கோடு போட்டு ஒதுக்கிவிடுங்கள். டிபி பதித்த குழிக்கு நேர் பின்னால் வேண்டாம், அங்கே சுவர் மெலிந்திருக்கும், ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மேற்கு வெயில் கராஜ் கதவு வழியாக நேரே அடிக்கும் சுவராக இருந்தால் இன்னும் உள்ளே தள்ளுங்கள். டிபியையும் பெரிதாக வாங்குங்கள். இப்போது தேவைப்படும் பிரேக்கர் இடத்தைப் போல இரண்டு மடங்கு இருந்தால், பிரிக்கும் நாளில் பக்கத்தில் இன்னொரு பெட்டி மாட்டச் சுவரை வெட்ட வேண்டியிருக்காது.

அப்புறம் இன்டர்நெட்டும் கேமராவும். இவை இரண்டுக்கும் ஒரே வீடு: ஒரு சின்னப் பெட்டி, அல்லது அலமாரியில் ஒரு தட்டு. எல்லா மெல்லிய கேபிளும் அங்கே வந்து சேரும். ஃபைபர்காரர் வைக்கும் ஓஎன்டி என்ற இணைப்புப் பெட்டி, ரவுட்டர், கேமரா பதிவு செய்யும் என்விஆர், பிறகு வரும் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச். நடைவழி அலமாரி நல்ல இடம். கதவைத் திறந்ததும் கண்ணில் படும் இடத்தில் என்விஆர் வேண்டாம், திருடன் முதலில் அதைத்தான் தூக்குவான். மேலே கீசர் எங்கே வருகிறது என்று ஒருமுறை பாருங்கள். இங்கே கீசர் சீலிங்குக்கு மேலேதான் இருக்கும், வெடித்தால் கீழே கொட்டும். அதன் அடியில் இந்தப் பெட்டியை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பெட்டிக்குள் இரண்டு இரட்டைப் பிளக், இரண்டுமே பேட்டரி பக்கத்துச் சர்க்யூட்டில். நான்கு கேமரா, என்விஆர், ரவுட்டர், ஓஎன்டி எல்லாம் சேர்த்து 60 வாட் அளவில்தான் எடுக்கும். பத்து மணி நேரம் கரண்ட் இல்லாவிட்டாலும் 0.6 யூனிட், உங்கள் பேட்டரிக்கு அது ஒன்றுமே இல்லை. இன்வெர்ட்டர் வரும்வரை ஒரு சின்ன யூபிஎஸ் வைக்க அங்கேயே இடம் விடுங்கள். 2024 மார்ச்சுக்குப் பிறகு லோட் ஷெட்டிங் பல மாதம் இல்லாமல் இருந்ததைப் பார்த்து இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேபிள் திருட்டுக்கும் சப்ஸ்டேஷன் கோளாறுக்கும் அட்டவணை எதுவும் கிடையாது.

ஃபைபர்காரர்கள் வரும்போது அவர்களுக்கு எது சுலபமோ அதைச் செய்வார்கள். முன்பக்கச் சுவரில் ஒரு ஓட்டை, அதன் உள்பக்கம் எந்த அறையோ அங்கே ஓஎன்டி. பெரும்பாலும் அது முன் படுக்கையறையாக இருக்கும். நீங்கள் முன் காம்பவுண்டிலிருந்து மண்ணுக்கடியில் ஒரு 25 மி.மீ. பைப்பைக் கொண்டுவந்து, வீட்டுச் சுவரில் ஏற்றி, சீலிங்குக்கு மேலே வழியாகப் பெட்டியில் இறக்கி, உள்ளே இழுக்கும் கயிறும் போட்டு வைத்திருந்தால் அவர்கள் அதையே பயன்படுத்துவார்கள், அவர்களுக்கும் வேலை குறைவு. கேட்டுக்குப் போகும் கரண்ட் கேபிளுக்கு எப்படியும் பள்ளம் தோண்டுவீர்கள், அதே பள்ளத்தில் ஒரு முழம் தள்ளி இந்தப் பைப்பையும், கேட் கேமராவுக்கும் இன்டர்காமுக்கும் இன்னொன்றையும் போட்டுவிடுங்கள். கரண்ட் கேபிள் போன பைப்புக்குள்ளேயே இவற்றை விடக்கூடாது.

பெட்டியிலிருந்து சீலிங்குக்கு மேலே எத்தனை பைப் ஏற வேண்டும் என்று கணக்குப் பார்ப்போம். கேமராவுக்கு நான்கு கேபிள், டிவிக்கு ஒன்று, படிக்கும் மேசைக்கு ஒன்று, நடைவழிச் சீலிங்கில் வைஃபை பெட்டிக்கு ஒன்று, இன்வெர்ட்டருக்கு ஒன்று. மொத்தம் எட்டு. பைப்பின் உள்பரப்பில் நூற்றுக்கு நாற்பது அளவுக்குத்தான் கேபிள் இருக்கலாம், அதற்கு மேல் போனால் இழுக்கும்போது சிக்கும், தோல் உரியும். 25 மி.மீ. பைப்பின் உள்விட்டம் 22 அளவு, கேட்-6 நெட்வொர்க் கேபிள் 6 மி.மீ. சொச்சம். கணக்குப் போட்டால் ஐந்து கேபிள் வசதியாகப் போகும். 20 மி.மீ.யில் மூன்று. ஆக எட்டுக்கு இரண்டு 25 மி.மீ. போதும், மூன்றாவது ஒன்றைக் காலியாக விடுங்கள். டிவிக்கும் மேசைக்கும் அந்தந்தச் சுவரில் ஒரு 20 மி.மீ. இறங்கினால் போதும்.

இங்கே கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் காலி இடம் இருப்பது நமக்குப் பெரிய வசதி. இந்தியாவில் கான்கிரீட் தளத்துக்குள் பைப் புதைப்பது போல இங்கே வேண்டாம், எல்லாம் பெட்டியிலிருந்து நேர் மேலே ஏறினால் சரி. மறக்கக்கூடாத ஒரு விஷயம், வெளிச்சுவர் ஓரத்தில் கூரை தாழ்ந்துவிடும். ஆள் படுத்துக்கொண்டு போனாலும் கை எட்டாது. வெளிச்சுவரில் ஏறும் பைப்பை சுவர் தலையோடு நிறுத்திவிட்டால் சீலிங் போர்டு அடித்த பிறகு அதன் வாயைக் கண்டுபிடிக்கவே முடியாது. வளைத்து உள்பக்கமாக ஒன்றரை, இரண்டு மீட்டர் கொண்டுவந்து மரச்சட்டத்தில் கட்டி வையுங்கள். கேமரா பைப்களில் இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் அவை எல்லாமே வெளி ஓரத்துக்குத்தான் போகின்றன.

கேமரா நான்கு என்றீர்கள். வீட்டின் மூலைகளில் கூரை விளிம்புக்குக் கீழே, இரண்டரை மீட்டரிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில். அதற்கு மேல் போனால் தலை மட்டும்தான் தெரியும், முகம் தெரியாது. கேமரா மாட்டும் ஒவ்வொரு இடத்திலும் சுவரில் ஒரு வட்டப் பெட்டியைப் பதியுங்கள், வெறும் பைப் வாயை விடாதீர்கள். கேமராவின் வாலில் ஒரு இணைப்பு இருக்கும், அது பெட்டிக்குள் ஒளிந்திருக்க வேண்டும். வெளியே தொங்கினால் டர்பன் கடற்காற்றில் பித்தளை பச்சை பிடிக்கும், குரங்குகள் வேறு. சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, தொங்கும் வயர் கிடைத்தால் இழுத்துப் பார்க்காமல் போகாது. பைப் வாயைக் கேபிள் போட்ட பிறகு புட்டியாலோ சிலிக்கனாலோ அடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கூரைக்குள் இருக்கும் சூடான ஈரக்காற்று பைப் வழியாகக் கேமராவுக்குள் வந்து, இரவில் குளிர்ந்ததும் கண்ணாடிக்குப் பின்னால் நீராகப் படியும். எறும்பும் அதே வழியில்தான் வரும். கேமராவை வெள்ளைச் சுவரை ஒட்டியோ விளிம்புப் பலகைக்கு மிக அருகிலோ வைத்தால் இரவில் அதன் சொந்த வெளிச்சமே திரும்ப அடித்துப் படம் வெளிறிப்போகும், அரை அடியாவது தள்ளுங்கள்.

கேமராவுக்குத் தனியாகக் கரண்ட் பிளக் வேண்டாம். பிஓஇ என்ற வகையில் அதே நெட்வொர்க் கேபிளிலேயே கரண்டும் போகும், 100 மீட்டர் வரை. பெட்டி பேட்டரியில் ஓடுவதால் கேமராவும் தானாகவே ஓடும். ஆனால் கேபிள் முழுச் செம்பாக இருக்க வேண்டும். அலுமினியக் கம்பிக்குச் செம்பு பூசியது மலிவாகக் கிடைக்கும், அதில் தூரத்தில் இருக்கும் கேமரா பகலில் நன்றாக ஓடும், இரவில் விளக்கு எரிய ஆரம்பித்ததும் அணைந்து அணைந்து எழும். இரவில் மட்டும் கேமரா போகிறது என்றால் முதலில் கேபிளைத்தான் சந்தேகப்பட வேண்டும். கேபிளின் தலையில் இணைப்பு மாட்டாமல் பைப்பில் இழுங்கள், பிறகு மாட்டிக்கொள்ளலாம்.

மாமியார் வீட்டுக்குச் செம்பு கேபிள் வேண்டாம், ஃபைபர் போடுங்கள். நேட்டாலில் இடி மின்னல் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். இரண்டு கட்டடத்தை நீளமான செம்புக் கம்பியால் இணைத்தால் பக்கத்தில் எங்கேயோ விழும் மின்னல் கூட இரண்டு பக்கத்து ரவுட்டரையும் என்விஆரையும் சேர்த்துக் கொண்டுபோகும். ஃபைபரில் கரண்ட் ஏறாது. அதற்கு மண்ணுக்கடியில் ஒரு 25 மி.மீ. போதும், முனையில் இணைப்போடு வரும் கேபிளும் அதில் நுழையும், வளைவுகள் மெதுவாக இருக்கட்டும்.

சுவரை வெட்டும் விஷயத்தில் கட்டடக்காரரோடு சண்டை வரலாம், அதனால் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நெடுக்காக வெட்டினால் சுவர்த் தடிமனில் மூன்றில் ஒரு பங்குவரை போகலாம், படுக்கையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்குதான் என்பது செங்கல் சுவருக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. உங்கள் உள்சுவர் 110 மி.மீ. என்றால் நெடுக்காக 36, படுக்கையாக 18. 25 மி.மீ. பைப்புக்கு 28 ஆழம் வேண்டும். நேர் மேலே போனால் சரி, படுக்கையாகப் போனால் சுவரே பலவீனம். அதோடு படுக்கையாக ஓடும் பைப்பில்தான் பின்னால் படம் மாட்ட ஆணி அடிப்பவர்கள் ஓட்டை போடுவார்கள். ஒரே இடத்தில் சுவரின் இரண்டு பக்கத்திலும் நேருக்கு நேர் பெட்டி வெட்ட வேண்டாம், ஒரு செங்கல் நீளம் தள்ளி வெட்டட்டும். கரண்ட் பைப்பும் டேட்டா பைப்பும் பக்கம் பக்கமாக ஓடினால் ஒரு அடி இடைவெளி, குறுக்கே தாண்டினால் செங்குத்தாகத் தாண்டட்டும்.

பைப்பை ஸ்பிரிங் போட்டு வளைக்கச் சொல்லுங்கள், கூர்மையான எல்போ வேண்டவே வேண்டாம். இழுக்கும் இரண்டு இடத்துக்கு நடுவில் இரண்டு வளைவுக்கு மேல் கூடாது. ஒவ்வொரு பைப்பிலும் இழுகம்பி போட்டு, இரண்டு முனையிலும் ஒரு அடி வெளியே விட்டுச் சுருட்டி, வாயை டேப்பால் மூடுங்கள். பூசுகிறவர்கள் டகா கலவையை வீசும் வேகத்தில் திறந்த வாய் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் போகும், காய்ந்தால் அது கல். பெட்டிகளைச் செங்கல் முகத்தோடு சமமாக வைக்காமல் பூச்சு வரும் 12, 15 மி.மீ. அளவு முன்னால் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் ஸ்விட்ச் மூடிக்கு நீள ஸ்க்ரூ தேடி அலைய வேண்டும். பூச்சுக்கு முந்தைய நாள் ஒவ்வொரு இழுகம்பியையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பாருங்கள். பூச்சு முடிந்ததும், பெயின்டுக்கு முன்னால், இன்னொரு தடவை. நின்றுபோன பைப்பைச் சின்னதாகத் திறந்து சரிசெய்ய அதுதான் கடைசி வாய்ப்பு. போட்டோ எடுக்கும்போது டேப்பை விரித்துத் தரையிலிருந்தும் மூலையிலிருந்தும் தூரம் தெரியும்படி எடுங்கள், வெறும் சுவர்ப் படம் நாளைக்கு எதற்கும் உதவாது.

எலெக்ட்ரீஷியனின் சிஓசி பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே 2009-ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு பெற்றவர் மட்டும்தான் அந்தச் சான்றிதழில் கையெழுத்துப் போட முடியும், எஸ்ஏஎன்எஸ் 10142-1 தரத்துக்கு ஒத்திருக்கிறது என்று அவர் பொறுப்பேற்கிறார். அதனால் பைப் எல்லாம் மூடுவதற்கு முன்னால் கையெழுத்துப் போடப்போகிறவரே வந்து பார்க்கட்டும், அவருடைய ஆளை மட்டும் அனுப்பினால் போதாது. இன்வெர்ட்டர் போடும்போது அதற்குச் சேர்த்துத் தனிச் சிஓசி வரும், முனிசிபாலிட்டியிலும் பதிய வேண்டும். இன்றைய சான்றிதழோடு நீங்கள் வரைந்த பைப் தாளையும் எடுத்த போட்டோக்களையும் சேர்த்து வைத்தால் அன்றைக்கு வருகிறவர் சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்க மாட்டார்.

இவ்வளவுக்கும் இப்போது கையில் காசு இல்லை என்றால், எதை முதலில் போட வேண்டும் என்ற வரிசையைச் சொல்லிவிடுகிறேன். ஃபிரிட்ஜுக்குத் தனிப் பைப், டூ-வே லைட்டுகளுக்குச் சரியான பைப், டிபிக்குப் பின்னால் அந்த இரண்டு 40 மி.மீ. ஓட்டை, சிடிக்கு 20 மி.மீ. இவற்றை விடவே கூடாது. அடுத்து ஃபைபர் பைப்பும் அலமாரியிலிருந்து மேலே ஏறும் பைப்களும். கேமரா பைப்கள் கடைசி, அவற்றை விளிம்புப் பலகைக்கு அடியில் துளை போட்டுப் பிறகும் இறக்கலாம், வேலைதான் கொஞ்சம் அசிங்கமாக இருக்கும். சோலார் பைப்பைக் கராஜுக்குள் வெளியே தெரியும்படி எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அதை நினைத்து இந்த வாரம் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.